வயது: ஆண்டு, மாதம், நாள்

(பேலியகொடையில் தங்கி வேலை செய்யும் மலையக இளைஞர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீன் சந்தையிலும் களஞ்சியங்களிலும் வேலையை முடித்துவிட்டு, ஓய்வு நாளிலும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் நேராக விடயத்துக்கு வருகிறேன். வர்த்தமானியில் வரும் அரசாங்க வேலை விளம்பரங்களுக்கு உங்களில் பலர் விண்ணப்பிக்கிறீர்கள். அந்த விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கும் முகவரிக்கும் கீழே ஓர் இடம் வரும்: “விண்ணப்ப முடிவுத் திகதியன்று வயது: ஆண்டு ..... மாதம் ..... நாள் .....”. இந்த மூன்று வெற்றிடங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம்முடைய பேச்சு வழக்கில் வயதைச் சொல்ல இரண்டு முறை இருக்கிறது. “அம்மாவுக்கு அம்பது நடக்குது” என்போம். “அம்மாவுக்கு அம்பது முடிஞ்சிருச்சு” என்றும் சொல்வோம். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கலாம். ஐம்பது நடக்கிறது என்றால் 49 முடிந்து ஐம்பதாவது ஆண்டுக்குள் இருக்கிறார் என்று பொருள். அரசாங்கப் படிவமோ, சேமலாப நிதிப் படிவமோ கேட்பது எப்போதும் முடிந்த வயதைத்தான். முடிந்த ஆண்டுகள் எத்தனை, அதற்கு மேல் முடிந்த மாதங்கள் எத்தனை, அதற்கும் மேல் எத்தனை நாட்கள் என்று எழுத வேண்டும். நடப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது, எந்தத் திகதியில் உள்ள வயது என்பது. படிவத்தை நிரப்பும் அன்றைக்கு உள்ள வயதை அவர்கள் கேட்கவில்லை. விளம்பரத்தில் ஒரு திகதி குறித்திருப்பார்கள், பெரும்பாலும் அது விண்ணப்ப முடிவுத் திகதியாக இருக்கும். அந்தத் திகதியில் உள்ள வயதைத்தான் எழுத வேண்டும். கைத்தொலைபேசியில் வயது பார்க்கும் செயலிகள் பல, நாம் மாற்றிக் கொடுக்காவிட்டால் இன்றைய திகதிக்குத்தான் விடை சொல்லும். முடிவுத் திகதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தால் அந்த விடை மூன்று வாரம் பிழையாக இருக்கும். முடிவுத் திகதியைப் பின்னர் நீடித்தால், வயதைப் பார்க்கும் திகதியும் மாறுகிறதா என்பதைத் திருத்த அறிவித்தலில் வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே மாறும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

பிறந்த திகதியை எங்கிருந்து எடுப்பது?

கணக்குச் சரியாக வர வேண்டுமென்றால் முதலில் பிறந்த திகதி சரியாக இருக்க வேண்டும். அதைப் பிறப்புச் சான்றிதழிலிருந்து எடுங்கள். சான்றிதழின் முதலாவது கூட்டில் பிறந்த திகதியும் இடமும் இருக்கும். கீழே பதிவு செய்த திகதி என்று வேறொன்று இருக்கும். பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் தோட்டங்களில் பல பிறப்புகள் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் பிந்திப் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட சான்றிதழில் இரண்டு திகதிகளும் வெகு தூரம் விலகி நிற்கும். அவசரத்தில் கீழே உள்ள திகதியைப் பார்த்து எழுதினால் உங்கள் வயது குறைந்துவிடும். சான்றிதழ் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு முதலாவது கூட்டை வாசித்துப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

பலர் சான்றிதழைத் தேடிப் போவதில்லை. அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பிடிக்கலாம், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் 2 இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கங்கள், அந்த ஆண்டில் நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. புதிய 12 இலக்க அட்டையில் முதல் 4 இலக்கங்கள் ஆண்டு, அடுத்த 3 இலக்கங்கள் நாள். பெண்களுக்கு அந்த நாள் எண்ணுடன் 500 கூட்டியிருப்பார்கள். ஆகவே 724 என்று இருந்தால் 500ஐக் கழித்து 224 என்று எடுக்க வேண்டும்.

இப்போது பொறியைப் பாருங்கள். இந்த நாள் எண்ணைக் கொடுக்கும்போது எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே வைத்துக்கொள்கிறார்கள். லீப் ஆண்டாக இல்லாவிட்டாலும் அப்படித்தான். ஆகவே மார்ச் 1ஆம் திகதி எந்த ஆண்டிலும் 61ஆவது நாள், டிசம்பர் 31ஆம் திகதி எந்த ஆண்டிலும் 366ஆவது நாள். சாதாரண நாட்காட்டியை வைத்து எண்ணினால் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிந்திய திகதி வரும். லீப் ஆண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் சரியாக வரும்.

நாள் எண்ணைத் திகதியாக மாற்ற, ஒவ்வொரு மாதமும் முடியும் எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும். ஜனவரி 31இல் முடிகிறது. பெப்ரவரி 60, மார்ச் 91, ஏப்ரல் 121, மே 152, ஜூன் 182, ஜூலை 213, ஓகஸ்ட் 244, செப்டெம்பர் 274, ஒக்டோபர் 305, நவம்பர் 335, டிசம்பர் 366. ஓர் அட்டை 95224 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். ஜூலை 213இல் முடிந்தது. 224இல் 213 போக 11. ஆகவே அவர் பிறந்தது 1995 ஓகஸ்ட் 11. சாதாரண நாட்காட்டியில் 1995ஆம் ஆண்டின் 224ஆவது நாள் ஓகஸ்ட் 12. இந்த ஒரு நாள் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அட்டையில் உள்ள திகதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியும் ஒத்துவராவிட்டால், இரண்டில் வசதியானதைத் தெரிந்தெடுத்து எழுதாதீர்கள். நேர்முகப் பரீட்சையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சான்றிதழை ஆதாரமாக வைத்து ஆட்பதிவுத் திணைக்களத்தில் அட்டையைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு நாள் எடுக்கும். விளம்பரம் வரும் வரை காத்திராமல் இப்போதே தொடங்குங்கள்.

கழிக்கும் முறை

இனிக் கணக்கு. மூன்று நிரலாக எழுதுங்கள்: ஆண்டு, மாதம், நாள். மேலே முடிவுத் திகதி, கீழே பிறந்த திகதி. வலப்பக்கத்திலிருந்து, அதாவது நாளிலிருந்து, கழித்துக்கொண்டு வாருங்கள்.

உதாரணமாக, முடிவுத் திகதி 2025.08.12. விண்ணப்பிக்கும் தம்பி பிறந்தது 1995.11.27. முதலில் நாள். 12இல் 27 போகாது. மாதத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். எந்த மாதத்தைக் கடன் வாங்குகிறோம்? முடிவுத் திகதி ஓகஸ்டில் இருக்கிறது, ஆகவே அதற்கு முந்திய ஜூலையை. ஜூலைக்கு 31 நாள். 12உம் 31உம் 43. அதில் 27 போக 16. நாள் 16.

அடுத்தது மாதம். 8இல் ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மிச்சம் 7. 7இல் 11 போகாது. ஆண்டிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினால் 12 மாதம். 7உம் 12உம் 19, அதில் 11 போக 8. மாதம் 8.

கடைசியாக ஆண்டு. 2025இல் ஒன்று போய் 2024. அதில் 1995 போக 29. ஆகவே வயது 29 ஆண்டு, 8 மாதம், 16 நாள்.

இப்போது விடையைச் சரிபார்க்க வேண்டும். கழித்ததையே திரும்பக் கழித்துப் பார்த்தால் அதே பிழையைத் திரும்பச் செய்வோம். ஆகவே பிறந்த நாளிலிருந்து முன்னோக்கி நடந்து பாருங்கள். 1995.11.27இல் பிறந்தவருக்கு 29 வயது முடிந்தது 2024.11.27இல். அதிலிருந்து 8 மாதம் போனால் 2025.07.27. அங்கிருந்து ஜூலை முடிய 4 நாள், ஓகஸ்டில் 12 நாள், மொத்தம் 16. இரண்டு வழியிலும் ஒரே விடை. இரண்டு நிமிட வேலைதான்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த முறையில் கடன் வாங்கும் மாதத்துக்கு எப்போதும் 30 நாள் என்று வைப்பதுண்டு. அப்படிச் செய்திருந்தால் இந்தத் தம்பிக்கு 15 நாள் வந்திருக்கும். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் 16. மாதத்தின் உண்மையான நாட்களை வைத்துக் கழித்தால்தான் நாட்காட்டியோடு பொருந்தும். கடன் வாங்குவது ஜூலையானால் 31, ஜூனானால் 30, பெப்ரவரியானால் 28 அல்லது 29.

மாதக் கடைசியில் பிறந்தவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் வரும். ஒரு தங்கை 1999.12.31இல் பிறந்தவர், முடிவுத் திகதி 2026.03.02 என்று வையுங்கள். 2இல் 31 போகாது. பெப்ரவரியைக் கடன் வாங்கினால் 28. 2உம் 28உம் 30. அப்போதும் 31 போகாது. கையால் கழிப்பவர் இந்த இடத்தில் குழம்பிவிடுவார். கணினிக்கும் இதே இடத்தில் தடுமாற்றம் வரும். கொமியுனிகேஷன் கடையில் எக்செல் திறந்து `DATEDIF` சூத்திரத்தில் போட்டுக் கொடுக்கிறார்கள் அல்லவா, அதில் நாளுக்கான `"MD"` பகுதி இப்படியான திகதிகளில் சில வேளை கழித்தல் குறியுடன் விடை தரும். அந்தப் பகுதி பிழையாக வரலாம் என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறது.

இங்கேயும் முன்னோக்கி நடப்பதுதான் வழி. 26 வயது முடிந்தது 2025.12.31. ஒரு மாதம் போனால் 2026.01.31. இன்னொரு மாதம் போனால் பெப்ரவரி 31 வர வேண்டும், அப்படி ஒரு திகதி இல்லை. அந்த மாதத்தின் கடைசி நாளான பெப்ரவரி 28ஐ எடுத்துக்கொண்டால் 2 மாதம் முடிகிறது. அங்கிருந்து மார்ச் 2 வரை 2 நாள். ஆகவே 26 ஆண்டு, 2 மாதம், 2 நாள். வேறொருவர் ஜனவரி 31இலிருந்து நாளாகவே எண்ணி 26 ஆண்டு, 1 மாதம், 30 நாள் என்று எழுதலாம். இரண்டும் ஒரே காலத்தைத்தான் சொல்கின்றன. ஆண்டுக் கணக்கு இரண்டிலும் 26 என்பதால் தகுதியை இது பாதிக்காது. தகுதியைத் தீர்மானிக்கும் இடம் வேறு.

எல்லையில் நிற்பவர்கள்

அந்த இடம் வயதெல்லை. “18 வயதுக்குக் குறையாமலும் 30 வயதுக்கு மேற்படாமலும்” என்று விளம்பரத்தில் போடுவார்கள். நடுவில் இருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. எல்லையில் நிற்பவருக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். அவர் வயதைக் கழித்துக் கஷ்டப்படத் தேவையில்லை. முடிவுத் திகதியின் ஆண்டிலிருந்து எல்லை வயதைக் கழித்தால் போதும், மாதமும் நாளும் அப்படியே இருக்கும்.

முடிவுத் திகதி 2025.08.12, உச்ச வயது 30 என்றால், கோடு 1995.08.12இல் விழுகிறது. அன்றைக்குப் பிறந்தவருக்கு முடிவுத் திகதியில் வயது 30 ஆண்டு, 0 மாதம், 0 நாள். 30க்கு மேற்படவில்லை, ஆகவே அவர் உள்ளே. அதற்கு முதல் நாள், 1995.08.11இல் பிறந்தவருக்கு 30 ஆண்டும் ஒரு நாளும். அவர் மேற்பட்டுவிட்டார். ஆனால் விளம்பரத்தில் “30 வயதுக்குக் குறைந்தவராக” என்று இருந்தால் 1995.08.12இல் பிறந்தவரும் வெளியே போய்விடுவார். “மேற்படாத” என்பதற்கும் “குறைந்த” என்பதற்கும் இடையில் ஓர் ஆளின் வேலை இருக்கிறது. பல விளம்பரங்களில் குழப்பம் வராமல் இருக்க, இன்ன திகதியன்று அல்லது அதற்குப் பின்னர் பிறந்தவர்கள், இன்ன திகதியன்று அல்லது அதற்கு முன்னர் பிறந்தவர்கள் என்று பிறந்த திகதிகளையே எழுதியிருப்பார்கள். அந்த வரி இருந்தால் அதுதான் முடிவு. வேறு கணக்கே வேண்டாம்.

95224 அட்டையை இப்போது நினைத்துப் பாருங்கள். சாதாரண நாட்காட்டியில் எண்ணியவர் ஓகஸ்ட் 12 என்று எடுத்து, தகுதி உண்டு என்று நம்பி விண்ணப்பிப்பார். பரீட்சைக் கட்டணம் கட்டி, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய், கடைசியில் நேர்முகப் பரீட்சை மேசையில் பிறப்புச் சான்றிதழைக் காட்டும்போது திருப்பி அனுப்பப்படுவார். மறுபக்கமும் நடக்கும். 2007225 என்று தொடங்கும் அட்டை உள்ள ஒரு பையன் பிறந்தது 2007 ஓகஸ்ட் 12. முடிவுத் திகதியன்று அவனுக்கு 18 வயது சரியாக முடிகிறது, அவன் விண்ணப்பிக்கலாம். நாட்காட்டியில் எண்ணினால் ஓகஸ்ட் 13 என்று வரும். ஒரு நாள் போதாது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவான். இந்த இரண்டாவது ஆள் யாரிடமும் முறையிடக்கூட மாட்டான், ஏனென்றால் தான் எதை இழந்தான் என்பதே அவனுக்குத் தெரியாது.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்காக

இதே கணக்கு உங்கள் அம்மா அப்பாவுக்கும் வேண்டியிருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியை வயதின் அடிப்படையில் எடுக்க, வேலையிலிருந்து விலகும் பெண்ணுக்கு 50 வயதும் ஆணுக்கு 55 வயதும் முடிந்திருக்க வேண்டும். நடக்கும் வயதும் முடிந்த வயதும் மோதும் இடம் இதுதான்.

தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா 1975.09.18இல் பிறந்தவர் என்று வையுங்கள். 2025.08.12இல் அவருக்கு “அம்பது நடக்குது” என்று வீட்டில் சொல்வது சரி. கழித்துப் பாருங்கள். 12உடன் ஜூலையின் 31 சேர்த்து 43, அதில் 18 போக 25 நாள். 7உடன் 12 சேர்த்து 19, அதில் 9 போக 10 மாதம். 2024இல் 1975 போக 49 ஆண்டு. அவருடைய வயது 49 ஆண்டு, 10 மாதம், 25 நாள். ஐம்பது முடிவது 2025.09.18இல்தான். ஓகஸ்டில் வேலையை விட்டுவிட்டு, வயது வந்துவிட்டது என்று படிவத்தைக் கொடுத்தால் அது திரும்பி வரும். கையில் சம்பளமும் இருக்காது, சேமலாபமும் வராது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 50 வயதில் பணத்தை எடுக்கலாம் என்பதற்காக 50 வயதில் வேலையை விட வேண்டும் என்று பொருள் இல்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை நிர்ணயித்திருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தபோது 52 வயது முடியாதிருந்தவர்களுக்கு அந்த வயது 60. நாம் சொன்ன அம்மாவுக்கு அப்போது 46. ஆகவே 2035.09.18க்கு முன்னர், வயதைக் காரணம் காட்டி அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல முடியாது. அப்படி யாராவது சொன்னால், சொன்ன திகதியையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு தொழிற்சங்கத்துக்கு வாருங்கள்.

தோட்ட அலுவலகப் பதிவேட்டில் உங்கள் அம்மா அப்பாவின் பிறந்த திகதி என்னவென்று இருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் பேர் பதியும்போது பலருக்கு ஆண்டை மட்டும், அதுவும் குத்துமதிப்பாக, எழுதியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாதவர்களுக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு வழி இருக்கிறது. சேமலாபம் எடுக்கும் வருடத்தில் இதைத் தொடங்கினால் பணம் இழுபடும். நான்கைந்து வருடத்துக்கு முன்பே மூன்றையும் ஒப்பிடுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தோட்டப் பதிவேடு.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து, முதலாவது கூட்டில் உள்ள திகதியை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்குப் பக்கத்தில் அவரவர் அடையாள அட்டையின் நாள் எண்ணை, பெப்ரவரிக்கு 29 வைத்துத் திகதியாக மாற்றி எழுதுங்கள். இரண்டும் ஒத்துவராத ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது என்று பொருள். அந்தக் கொப்பியோடு வாருங்கள், ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்ப்போம்.